சண்டையே இல்லாத வீடு, ஆனாலும் இரண்டு வருடமாக உறவில் தடங்கல் (39 வயது, கடலூர்)

கெடிலக்கரை
வணக்கம். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்கு 39, மனைவிக்கு 34. கல்யாணமாகி 11 வருடம், எட்டு வயதில் ஒரு பையன். சிப்காட்டில் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை.

இரண்டு வருடமாக மனைவியோடு சேரும்போது விறைப்பு நிற்பதில்லை. ஆரம்பத்தில் இருக்கும். அவள் என் பக்கம் திரும்பி ஏதாவது பேசினாலோ, கழுத்தில் கை போட்டாலோ போய்விடும். இப்போதெல்லாம் அந்த எண்ணமே வருவதில்லை. பையன் தூங்கிவிட்டால் நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன்.

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் கோளாறு இல்லை. சிகரெட் இல்லை, குடி எப்போதாவது ஒரு கல்யாண வீட்டில். காலையில் எழும்போது விறைப்பு நன்றாகவே இருக்கிறது. தனியாக இருக்கும்போதும் பிரச்சினை இல்லை. டாக்டர் சில்டெனாபில் 50 கொடுத்தார். நாலு மாத்திரை வாங்கினேன். ஒரு தடவை வேலை செய்தது, ஒரு தடவை செய்யவில்லை. மீதி இரண்டு எட்டு மாதமாக அலமாரியில் கிடக்கிறது.

மனப் பிரச்சினையாக இருக்கும் என்று நண்பன் சொன்னான். ஆனால் எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. அப்பா தவறிய பிறகுதான் இது ஆரம்பித்தது. துக்கத்தால் இப்படி ஆகுமா? யாராவது சொல்லுங்கள்.

பண்ருட்டி முந்திரி
தம்பி, ஷிப்ட் வேலைதான் காரணம். இரவெல்லாம் கண் விழித்தால் சூடு ஏறி நரம்பு தளர்ந்துவிடும். முருங்கைப்பூவைப் பாலில் வேகவைத்து 48 நாள் சாப்பிடு. மாதம் ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு வைத்தியர் லாட்ஜில் வந்து தங்குகிறார், அவரிடம் நல்ல லேகியம் கிடைக்கும். என் மச்சானுக்குக் கேட்டது.

உப்பனாறு
அந்த லாட்ஜ் பக்கம் போகாதீர்கள். நான் இதே மாதிரி ஒருவரிடம் மூன்று தவணையாக 18,000 ரூபாய் கொடுத்தேன். லேகியம் சாப்பிட்ட அன்று மட்டும் முகம் சிவந்து தலைவலியோடு வேலை செய்யும், மறுநாள் ஒன்றுமிருக்காது. அதில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார்.

கெடிலக்கரை, உங்களுக்குக் காலையில் விறைப்பு வருகிறதே, அப்படியானால் உடம்பில் கோளாறே கிடையாது. டெஸ்ட் எடுத்ததே வீண் செலவு. எல்லாம் மனசுதான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு பக்கம் நாலு நாள் போய் வாருங்கள், சரியாகிவிடும்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா
மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பதியரின் பாலியல் பிரச்சினைகளைத்தான் அதிகம் பார்த்தேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று யாருக்கும் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

உப்பனாறு சொன்னதில் பாதி சரி. தூக்கத்தில் கனவு வரும் கட்டங்களில் ஆணுக்கு இரவில் மூன்று, நாலு முறை தானாகவே விறைப்பு வரும். அதன் கடைசிப் பகுதியைத்தான் விழிக்கும்போது பார்க்கிறோம். அது உறுதியாக இருந்து, தனியாக இருக்கும்போதும் வந்து, ஒரே ஒருவரிடம் மட்டும் வராவிட்டால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் டெஸ்ட் வீண் இல்லை. விறைப்புக் குறைவது சிலருக்கு இதய நோயின் முதல் அறிகுறி, நெஞ்சு வலிக்குச் சில வருடம் முன்பே தெரிந்துவிடும். ஷிப்ட் வேலைக்காரர்கள் நேரம் மாறித் தூங்கி எழுவதால் காலை விறைப்பு இல்லையென்று தப்பாக நினைத்துக்கொள்வதும் உண்டு. நீங்கள் எல்லாம் பார்த்துவிட்டு வந்தது நல்லதுதான்.

லேகியத்தில் இன்னொரு ஆபத்து. இதய நோய்க்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர்கள் சில்டெனாபில் கலந்ததைச் சாப்பிட்டால் பிரஷர் தடாலென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கலந்திருப்பது தெரியாமலேயே சாப்பிடுவார்கள்.

கெடிலக்கரை, உங்கள் பதிவில் மூன்று இடம் என்னை நிறுத்தியது. அவர் கழுத்தில் கை போட்டால் போய்விடுகிறது என்கிறீர்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயம் மட்டும் இருப்பவருக்குப் பெரும்பாலும் உள்ளே நுழையும் நேரத்தில்தான் போகும், அன்பாகத் தொட்டதற்குப் போகாது. அடுத்தது, ஒரு முறை வேலை செய்த மாத்திரையை எட்டு மாதமாகத் தொடவில்லை. விறைப்பு வேண்டுமென்று தவிப்பவர் அதை மிச்சம் வைக்க மாட்டார். கடைசியாக, 11 வருடத்தில் சண்டையே இல்லை.

ஒன்று கேட்கிறேன், விருப்பமிருந்தால் எழுதுங்கள். அப்பா தவறிய அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது? யார் யார் எங்கே இருந்தார்கள்?

கெடிலக்கரை
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டதால் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பாண்டியில் ஐசியூவில் சேர்த்தோம். மனைவி அப்போது பண்ருட்டிக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள், தங்கைக்குப் பிரசவம். போனில் சொன்னேன். "நாளைக்கு வரேன்"னாள். மறுநாள் தங்கைக்கு உடம்பு சரியில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அப்பா போய்விட்டார். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அவள் அப்பா அம்மாவோடு காரில் வந்து இறங்கினாள். வாசலில் மாலையோடு நின்றாள். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி மாதிரி இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. சாவு வீட்டில் என்ன சொல்வது? காரியமெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். இன்றுவரை அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அது முடிந்துபோன விஷயம்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா
"வாசலில் மாலையோடு நின்றாள்." இரண்டு வருடம் கழித்தும் இதை இவ்வளவு துல்லியமாக எழுதுகிறீர்கள். முடிந்துபோன விஷயம் இப்படி நினைவில் நிற்காது.

உடம்புக்குள் நடப்பது மர்மமில்லை. விறைப்பு என்பது தசை இறுகுவதால் வருவதில்லை, தளர்வதால் வருவது. ஆணுறுப்புக்குள் இருக்கும் நுண்ணிய தசைகளும் ரத்தக் குழாய்களும் தளர்ந்தால்தான் ரத்தம் உள்ளே வந்து தங்கும். கோபத்திலோ பயத்திலோ உடம்பு மோதலுக்குத் தயாராகும்போது நார் அட்ரினலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது அதே குழாய்களை இறுக்கிவிடும். வாய்விட்டுக் கத்தினால்தான் இது நடக்கும் என்பதில்லை. வாய்க்கு வராத கோபத்துக்கும் உடம்பு இறுகிக்கொள்ளும். தூக்கத்தில் அந்தக் காவல் இறங்கிவிடுகிறது, அதனால் இரவில் எல்லாம் சரியாக நடக்கிறது.

மாத்திரை இந்த இடத்தில் பாதிதான் உதவும். ஆசையும் தூண்டலும் இருந்தால் வரும் விறைப்பை அது கெட்டிப்படுத்தும், ஆசையை உண்டாக்காது. வேலை செய்யாத அன்று எப்போது போட்டீர்கள்?

கெடிலக்கரை
பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டேன். அன்று மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய நாள்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா
எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு மேல் போட்டால் அது ஒரு மணி நேரம்வரை தாமதமாகும், அதனால் மருந்து தோற்றது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாளைப் பாருங்கள். மாமனார் வீட்டிலிருந்து திரும்பிய இரவு. விறைப்பு போன நாட்களில் அதற்கு முன் ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எதைப் பற்றிய பேச்சு வந்தது என்று நான்கைந்து நாளுக்குக் குறித்துப் பாருங்கள். சிகிச்சைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வில்லியனூர்ப் பெண்
நான் பெண், வேறு கதை, ஆனாலும் இங்கேதான் சொல்லத் தோன்றுகிறது. என் 14 பவுன் நகையை என்னிடம் கேட்காமல் தம்பி தொழிலுக்காக அடகு வைத்துவிட்டார் என் கணவர். பீரோவைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஒன்றரை வருடத்தில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டார். நானும் மன்னித்துவிட்டேன். சண்டை போட்டுத் தீர்த்துத்தான் மன்னித்தேன், இவர் மாதிரி மூடி வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் தொட்டால் என் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. ஈரமே வருவதில்லை, வலிக்கிறது. மறுக்க மனசு வராமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். மனசு மன்னித்தும் உடம்பு ஏன் மன்னிக்க மாட்டேன் என்கிறது?

உப்பனாறு
சகோதரி, நகையைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டாரே. இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி?

லாஸ்பேட்டை டாக்டரம்மா
உப்பனாறு, அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதுதான் அவருடைய கேள்வியே.

வில்லியனூர்ப் பெண்ணே, முதலில் ஒன்று. வலியோடு கண்ணை மூடிக்கொண்டு படுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் தொடுதல் என்றாலே வலி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. பிறகு கோபம் தீர்ந்தாலும் அந்தப் பாடம் போகாது. தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள், பெண் மருத்துவர் ஒருவரிடமும் ஒரு முறை காட்டுங்கள். வறட்சிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

நகை திரும்பி வந்துவிட்டது, சரி. பீரோவைத் திறந்த அந்த நிமிடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவர் என்றாவது கேட்டாரா? கடன் அடைந்துவிட்டது. ஆனால் என்னைக் கேட்காமல் என் பொருளில் கை வைக்கலாம் என்ற பயம் தீரவில்லை. உடம்பையும் கேட்காமல் தொடுவதாகவே அந்தப் பயம் எடுத்துக்கொள்கிறது. இது என் ஊகம். நீங்கள்தான் சரியா என்று பார்க்க வேண்டும்.

பண்ருட்டி முந்திரி
தம்பி, நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். அப்பா சாகக் கிடந்தபோது மருமகள் வராதது பெரிய விஷயம்தான். எங்கள் பக்கமாக இருந்தால் பெரியவர்களைக் கூட்டிப் பேசியிருப்போம். நீயும் அவள் வீட்டில் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே?

லாஸ்பேட்டை டாக்டரம்மா
பெரியவர்களைக் கூட்டினால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வரும். தோற்றவர் அன்று இரவு படுக்கைக்கு எப்படி வருவார்? இது இரண்டு பேர் மட்டும் பேச வேண்டியது.

கெடிலக்கரை, ஒரு வழிமுறை சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். படுக்கையறையில் வேண்டாம், பையனும் உங்கள் அம்மாவும் இல்லாத இடம். ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும், "அன்னைக்கு" என்று தொடங்க வேண்டும். "நீ எப்பவுமே" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. கேட்பவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லக் கூடாது. கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், பேசியவர் "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்வரை. பதில் அடுத்த வாரம். ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி, பெரும்பாலோர் அங்கேதான் உடைகிறார்கள்.

இந்த வாரங்களில் உறவு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். முயற்சியே இல்லையென்றால் தோல்வியும் இல்லை.

ஒரு எல்லை. அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. அங்கே பேசியதே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும். முதலில் பாதுகாப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கெடிலக்கரை
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் குறித்துப் பார்த்தேன். ஆறு நாளில் நாலு நாள் அவள் வீட்டு மனிதர்களோடு சம்பந்தப்பட்டது. ஒரு நாள் தங்கை குழந்தையின் போட்டோவை அவள் காட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குழந்தை பிறந்த வாரம்தான் அப்பா போனார். குறித்து வைக்காமலிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனோம், பையனை அக்கா வீட்டில் விட்டுவிட்டு. நான்தான் முதலில் பேசினேன். ஐசியூ வாசலில் இரண்டு இரவு தனியாக உட்கார்ந்திருந்ததை, ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து பார்த்ததைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமாகி அவளிடம் நான் கத்தியது அதுதான் முதல் முறை. அவள் அழவில்லை. திருப்பிச் சொல்ல மூன்று முறை முயற்சி செய்தாள். மூன்றாவது முறைதான் சரியாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் பேசினாள். "நீங்க வான்னு சொல்லவே இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டேன், பாத்துக்கலாம்னு சொன்னீங்க. ரெண்டு தடவையும் பாத்துக்கலாம்னுதான் சொன்னீங்க." யோசித்துப் பார்த்தால் உண்மைதான். வா என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே வர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் எதற்கும் நான் பாத்துக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு மேல் ஒன்று சொன்னாள். கல்யாணத்தில் சீர் குறைந்தது என்று அப்பா அவள் அப்பாவை எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லியிருக்கிறார். நான் அங்கேயே நின்றிருந்தேனாம். எனக்கு நினைவே இல்லை. "அதான் கால் வரல"ன்னாள். இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இறந்துபோனவரைப் பற்றிச் சொல்கிறாளே என்று கோபமும் வந்தது.

உறவு விஷயம்: வேண்டாம் என்ற முடிவை நாலாவது வாரம் நாங்களே மீறினோம். ஒரு முறை நன்றாக இருந்தது. அடுத்த முறை கோபம் எதுவுமில்லை, ஆனால் நடுவில் "இப்போ போயிடுமோ" என்று தோன்றியதும் போய்விட்டது. எல்லாம் பேசியாயிற்றே, பிறகு ஏன்?

உப்பனாறு
பேசி என்ன பிரயோஜனம் பார்த்தீர்களா? பழைய குப்பையைக் கிளறியதுதான் மிச்சம்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா
இல்லை உப்பனாறு, இது முன்னேற்றம். விறைப்பு போன காரணமே மாறியிருக்கிறது, கவனியுங்கள். முன்பு மனைவி தொட்டதும் போனது. இப்போது போய்விடுமோ என்று நினைத்ததும் போகிறது. இது இரண்டாவது முடிச்சு. கோபம் இதை ஆரம்பித்து வைத்தது. இரண்டு வருடத் தோல்வியில் பயம் தனியாக வளர்ந்துவிட்டது. நடப்பதில் கலந்துகொள்ளாமல் ஓரமாக நின்று தன்னையே கண்காணிக்கும் பழக்கம் இது. கோபம் தீர்ந்ததும் இது தானாகப் போகாது.

இதற்கு அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970 வாக்கிலேயே ஒரு பயிற்சி சொன்னார்கள், இன்றும் அதைத்தான் கொடுக்கிறோம். வாரம் இரண்டு மூன்று முறை, ஒருவர் மாற்றி ஒருவர் சுமார் 20 நிமிடம் தொட வேண்டும். முதல் இரண்டு வாரம் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற இடங்கள். விறைப்பு வந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வரட்டும், போகட்டும், மறுபடி வரும். போனது திரும்பி வருவதைச் சில முறை பார்த்தால்தான் பயம் இறங்கும். அலமாரியில் இருக்கும் மாத்திரைக்கும் இந்தக் கட்டத்தில்தான் இடம். தேதி பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு வெறும் வயிற்றில், பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு.

பயிற்சிக்கு நேரமே கிடைக்கவில்லை என்று இருவரில் யாராவது மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், கோபம் இன்னும் எங்கோ மிச்சமிருக்கிறது. என் ஊகத்தில் அது அந்தச் சீர்ப் பேச்சில் இருக்கிறது. அப்பா சொன்னது சரியா தப்பா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றும் பேசாமலிருந்தது உங்கள் மனைவிக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். நீங்களே சமாளிக்க முடியாவிட்டால் ஜிப்மர் மனநலப் பிரிவிலோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

வில்லியனூர்ப் பெண்
நானும் அவரிடம் கேட்டேன், டாக்டரம்மா. பீரோவைத் திறந்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா என்று. "அதான் மீட்டுக் கொடுத்துட்டேனே" என்று எழுந்து போய்விட்டார். நேற்று இரவு வேண்டாம் என்று சொன்னேன், முதல் தடவையாக. கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்துவிட்டு, "வலிக்குதா, இவ்வளவு நாளும் வலிச்சுதா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இருவருமே பேசவில்லை. அவர் தூங்கவும் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

லாஸ்பேட்டை டாக்டரம்மா
அவர் கேட்ட கேள்வி நகையைப் பற்றியது இல்லை என்றாலும் கேட்டுவிட்டார். இன்னும் நாலைந்து நாள் விடுங்கள். நீங்களாகப் பீரோவைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் வலியைப் பற்றி மறுபடி கேட்கிறாரா என்று பாருங்கள், கேட்டால் இங்கே எழுதுங்கள்.

கெடிலக்கரை
இந்த ஞாயிறு மறுபடி அவள் முறை. சீர் விஷயத்தைத்தான் பேசப் போகிறாள் என்று நினைக்கிறேன். அந்த மேடையில் என் பக்கத்தில் வேறு யார் நின்றார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு வாட்சைத் திருகிக்கொண்டிருந்தேனாம்.